அட்டவணை 2 என்கிறது, திரும்பப் படித்தால் 3 வருகிறது: தகரம், கரகம் கணக்கு

கேள்வி: "தகரம்" என்பதை "கரகம்" ஆக்க எத்தனை திருத்தம் வேண்டும் என்று டைனமிக் புரோகிராமிங் அட்டவணை போட்டேன். கடைசிக் கட்டத்தில் 2 வந்தது. ஆனால் அங்கிருந்து பின்னோக்கி, பக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் மூன்று திருத்தங்கள் கிடைக்கின்றன. அட்டவணை தப்பா, படித்த விதம் தப்பா? இன்னொன்று: "பல்" → "விரல்" கையால் போட்டால் 2, பைத்தானில் 3. ஏன்?

பதில்:

அட்டவணை சரி. படித்த விதத்தில்தான் சிக்கல். பின்னோக்கிப் போகும்போது "பக்கத்தில் எது சிறியது?" என்று கேட்கக் கூடாது. "இந்தக் கட்டத்தில் இருக்கும் எண் எந்தக் கட்டத்திலிருந்து வந்திருக்க முடியும்?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் ஒரே பதில் வரும். அதனால்தான் இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமலே இருக்கும். உங்கள் சொல் ஜோடியில் அது முதல் அடியிலேயே வெளிப்பட்டுவிட்டது.

முதலில் ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதைப் பிடித்துக்கொள்வோம். மூலச் சொல்லான தகரம் இடப்பக்கம் மேலிருந்து கீழாக நிற்கிறது, இலக்குச் சொல்லான கரகம் மேலே இடமிருந்து வலமாக நிற்கிறது. (3,2) என்ற கட்டத்தில் இருக்கும் எண், மூலத்தின் முதல் மூன்று எழுத்துகளை (தகர) இலக்கின் முதல் இரண்டு எழுத்துகளாக (கர) மாற்றக் குறைந்தபட்சம் எத்தனை திருத்தம் வேண்டும் என்பது. எல்லாக் கட்டமும் இப்படித்தான்: முழுச் சொற்களைப் பற்றியது அல்ல, அவற்றின் முன்பகுதிகளைப் பற்றியது.

அந்த முன்பகுதிகளின் கடைசி எழுத்துகளை மட்டும் பார்த்தால் மூன்றே வழிகள்தான் உண்டு. மூலத்தின் கடைசி எழுத்தை நீக்கலாம். அப்போது மேல் கட்டத்தின் எண்ணோடு 1 கூடும். இலக்கின் கடைசி எழுத்தைப் புதிதாகச் செருகலாம்; அப்போது இடக் கட்டத்தோடு 1 கூடும். அல்லது இரண்டு கடைசி எழுத்துகளையும் ஜோடி சேர்க்கலாம். அப்போது குறுக்காக மேலே இடப்பக்கம் இருக்கும் கட்டத்தின் எண், எழுத்துகள் ஒன்றானால் அப்படியே வரும், வேறானால் 1 கூடி வரும். மூன்றில் குறைந்ததை எழுதுகிறோம். முதல் வரிசையும் முதல் நெடுவரிசையும் 0, 1, 2, 3, 4 என்று போவதும் இதனால்தான்: வெற்றுச் சொல்லிலிருந்து நான்கு எழுத்துச் சொல்லை உண்டாக்க நான்கு செருகல், நான்கு எழுத்துச் சொல்லை வெற்றாக்க நான்கு நீக்கல்.

உங்கள் அட்டவணையை நானும் போட்டுப் பார்த்தேன்:

| | – | க | ர | க | ம் |
|---|---|---|---|---|---|
| – | 0 | 1 | 2 | 3 | 4 |
| த | 1 | 1 | 2 | 3 | 4 |
| க | 2 | 1 | 2 | 2 | 3 |
| ர | 3 | 2 | 1 | 2 | 3 |
| ம் | 4 | 3 | 2 | 2 | 2 |

எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது. (வரிசை, நெடுவரிசை) என்ற ஒழுங்கில் சொல்கிறேன். வலது கீழ் மூலை (4,4).

இதைத் திரும்பப் படிப்போம். (4,4)-இல் 2 இருக்கிறது. வரிசையின் எழுத்து ம், நெடுவரிசையின் எழுத்தும் ம். குறுக்கே (3,3)-இல் 2; எழுத்துகள் ஒன்று என்பதால் 2 + 0 = 2, பொருந்துகிறது. மேலே (3,4)-இல் 3; 3 + 1 = 4, பொருந்தவில்லை. இடப்பக்கம் (4,3)-இல் 2; 2 + 1 = 3, அதுவும் பொருந்தவில்லை. ஆக, வழி ஒன்றே ஒன்று: குறுக்கே. ம் அப்படியே நிற்கிறது, செலவு இல்லை.

நீங்கள் தடுமாறியது இங்கேதான். இடப்பக்கத்திலும் 2, குறுக்கேயும் 2. மிகச் சிறிய எண் இரண்டு இடத்தில் இருக்க, நீங்கள் இடப்பக்கம் போயிருக்கிறீர்கள். இடப்பக்கம் போவது என்றால் ம் என்ற எழுத்தைச் செருகுவது என்று பொருள். அதற்குச் செலவு 1. கையில் இருந்த கணக்கு 2. ஒன்றைச் செலவழித்த பிறகு 1 மிச்சம் இருக்க வேண்டும். நீங்கள் போய் நின்ற கட்டமோ இன்னும் 2 வேண்டும் என்கிறது. அந்த இடத்திலேயே மொத்தம் 3 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகப் படித்தாலும் அது குறையாது.

சரியான வழியில் தொடர்வோம். (3,3)-இல் 2 இருக்கிறது. எழுத்துகள் ர, க. இங்கே இன்னொரு பொறி இருக்கிறது, பலரும் விழுவது இதில்தான். குறுக்கே (2,2)-இலும் 2. "எண் மாறவில்லை, அப்படியானால் எழுத்து பொருந்தியிருக்கிறது, குறுக்கே போகலாம்" என்று தோன்றும். ஆனால் ர, க இரண்டும் வேறு எழுத்துகள். குறுக்கே போனால் 2 + 1 = 3. மேலே (2,3)-இல் 2, அதோடு 1 சேர்ந்தால் 3. இடப்பக்கம் (3,2)-இல் 1; 1 + 1 = 2. இதுதான் பொருந்துகிறது. அதாவது க செருகப்பட்டது. குறுக்கே ஒரே எண் இருப்பதை வைத்து எழுத்து பொருந்தியதாக முடிவு செய்ய முடியாது. எழுத்துகளைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

(3,2)-இல் 1. எழுத்துகள் ர, ர. குறுக்கே (2,1)-இல் 1, கூட 0. பொருந்துகிறது, மேலேயும் இடப்பக்கத்திலும் 2, 2 என்பதால் வேறு வழியே இல்லை. (2,1)-இல் 1, எழுத்துகள் க, க. குறுக்கே (1,0)-இல் 1, பொருந்துகிறது. கவனியுங்கள், இங்கேயும் மேலே (1,1)-இல் 1 இருக்கிறது. "சிறிய எண்" விதி மறுபடியும் இரண்டு பக்கம் கை காட்டும். மேலே போனால் மறுபடியும் ஒரு திருத்தம் வீணாகக் கூடும். குறுக்கே போய் (1,0)-க்கு வந்தால், இடப்பக்கம் எதுவும் இல்லை, மேலே மட்டும்தான் போக முடியும்: த நீக்கப்பட்டது. (0,0)-க்கு வந்துவிட்டோம்.

கிடைத்த திருத்தங்கள் இரண்டு: முதலில் இருக்கும் த-வை நீக்கு, ர-வுக்குப் பின் க-வைச் செருகு. தகரம் → கரம் → கரகம். வந்த வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பக்கம்தான் பொருந்தியது. எனவே இந்த ஜோடிக்கு இரண்டு திருத்தத்தில் முடிக்கும் வழி இது ஒன்றுதான்.

உங்கள் மூன்று திருத்தங்களையும் பார்க்கலாம்: த-வை நீக்கு, ம்-ஐ க ஆக்கு, கடைசியில் ம் செருகு. தகரம் → கரம் → கரக → கரகம். சொல் சரியாகத்தான் வருகிறது! அட்டவணையில் வலது கீழ் மூலையிலிருந்து இடது மேல் மூலைக்கு எந்தப் பாதையில் நடந்தாலும், அது மூலச் சொல்லை இலக்குச் சொல்லாக மாற்றும் ஒரு முழுமையான திருத்த வரிசைதான். குறைந்த செலவு உள்ள பாதை எது என்பதைத்தான் எண்கள் சொல்கின்றன. அதனால் "இந்தத் திருத்தங்களைச் செய்தால் இலக்குச் சொல் வருகிறதா?" என்று மட்டும் சோதித்தால் பிழை தெரியாது. திருத்தங்களை எண்ணி, மூலையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். நிரலுக்குச் சோதனை எழுதினால் இரண்டையும் எழுதுங்கள்.

அட்டவணையே சரியா என்ற சந்தேகத்துக்கும் எளிய சோதனை உண்டு. எழுத்துக்கு 1 என்ற சாதாரணச் செலவில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள், மேலும் கீழும் ஆனாலும் சரி, இடமும் வலமும் ஆனாலும் சரி, ஒன்றுக்கு மேல் வேறுபடாது. குறுக்கே கீழிறங்கும்போது எண் ஒருபோதும் குறையாது. அப்படியே இருக்கும், இல்லையென்றால் 1 கூடும். மேலே உள்ள அட்டவணையில் நடுக் குறுக்குக்கோடு 0, 1, 2, 2, 2 என்று போகிறது. உங்கள் அட்டவணையில் எங்காவது குறுக்கே 2-இலிருந்து 1-க்கு இறங்கினால், அந்தக் கட்டத்தையோ அதற்கு முந்தையதையோ தவறாக நிரப்பியிருக்கிறீர்கள்.

அப்புறம், நிரலாக எழுதும்போது. அட்டவணை நிரப்பும் பகுதி எல்லோரும் எழுதுவதுதான்:

```python
def table(a, b):
    n, m = len(a), len(b)
    d = [[0] * (m + 1) for _ in range(n + 1)]
    for i in range(n + 1): d[i][0] = i
    for j in range(m + 1): d[0][j] = j
    for i in range(1, n + 1):
        for j in range(1, m + 1):
            c = 0 if a[i-1] == b[j-1] else 1
            d[i][j] = min(d[i-1][j-1] + c,
                          d[i-1][j] + 1,
                          d[i][j-1] + 1)
    return d
```

திரும்பப் படிக்கும் பகுதி:

```python
def readback(a, b, d):
    i, j, ops = len(a), len(b), []
    while i > 0 or j > 0:
        if i and j:
            c = 0 if a[i-1] == b[j-1] else 1
            if d[i][j] == d[i-1][j-1] + c:
                if c: ops.append(("மாற்று", a[i-1], b[j-1]))
                i, j = i - 1, j - 1
                continue
        if i and d[i][j] == d[i-1][j] + 1:
            ops.append(("நீக்கு", a[i-1]))
            i -= 1
        else:
            ops.append(("செருகு", b[j-1]))
            j -= 1
    return ops[::-1]
```

இதில் `while i > 0 or j > 0` என்பதில் உள்ள `or` முக்கியம். அங்கே `and` போட்டால், ஓரத்தைத் தொட்டவுடன் சுழற்சி நின்றுவிடும். நம் ஜோடியில் (1,0)-க்கு வந்ததும் j பூஜ்யமாகிவிடுகிறது. `and` இருந்தால் த-வை நீக்கும் திருத்தம் பட்டியலிலேயே வராது. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் திருத்தம் விடுபடுகிறது, மற்ற இடங்களில் எல்லாம் சரியாக வருகிறது என்றால் முதலில் இந்த வரியைத்தான் பாருங்கள். `if i and j` என்ற காவலும் அதே ஓரத்துக்காகத்தான். பைத்தானில் `b[-1]` என்று கேட்டால் பிழைச் செய்தி வராது. சத்தமில்லாமல் கடைசி எழுத்தைக் கொடுத்துவிடும்.

திருத்தங்களைச் சொல்லின் மேல் இடம் குறித்துச் செயல்படுத்துவதாக இருந்தால், `ops[::-1]` தலைகீழாக்குவதற்கு முன் கிடைத்த ஒழுங்கிலேயே, அதாவது வலமிருந்து இடமாகச் செய்வது வசதி. மூலச் சொல்லில் மூன்றாம் எழுத்துக்குப் பின் க-வைச் செருகு, பிறகு முதல் எழுத்தை நீக்கு: தகரம் → தகரகம் → கரகம். வலப்பக்கம் செய்த மாற்றம் இடப்பக்க எழுத்துகளின் எண்ணை அசைக்காது. இடமிருந்து வலமாகச் செய்தால், த போனவுடன் "மூன்றாம் எழுத்து" என்பது ம் ஆகிவிடும். க தவறான இடத்தில் விழுந்து கரம்க என்று வரும்.

நினைவகத்தை மிச்சப்படுத்த முழு அட்டவணை வேண்டாம், இரண்டு வரிசை போதும் என்று படித்திருப்பீர்கள். எண் மட்டும் போதும் என்றால் அது சரிதான். திருத்தங்கள் வேண்டுமென்றால் அப்படிச் செய்ய முடியாது, திரும்பிப் போக வழியே இருக்காது. குறைந்த நினைவகத்திலேயே திருத்தங்களையும் மீட்க ஹிர்ஷ்பர்க் 1975-இல் கொடுத்த முறை ஒன்று உண்டு; சிறு சொற்களுக்கு அது தேவையில்லை.

இனி இரண்டாவது கேள்வி. "பல்" → "விரல்" அட்டவணை சின்னது:

| | – | வி | ர | ல் |
|---|---|---|---|---|
| – | 0 | 1 | 2 | 3 |
| ப | 1 | 1 | 2 | 3 |
| ல் | 2 | 2 | 2 | 2 |

மூலையில் 2. ல், ல் ஒன்று என்பதால் குறுக்கே (1,2)-க்கு. அங்கேயும் 2. இப்போது எழுத்துகள் ப, ர. குறுக்கே (0,1)-இல் 1, 1 + 1 = 2, பொருந்துகிறது. இடப்பக்கம் (1,1)-இல் 1, 1 + 1 = 2, அதுவும் பொருந்துகிறது! முதல் ஜோடியில் பார்த்ததிலிருந்து இது வேறு. அங்கே எண்கள் சமமாக இருந்தன, ஆனால் கணக்கு ஒரு பக்கம் மட்டுமே பொருந்தியது. இங்கே கணக்கே இரண்டு பக்கமும் பொருந்துகிறது. எனவே இரண்டு வழிகள் உண்டு: வி-யைச் செருகி ப-வை ர ஆக்கலாம், அல்லது ப-வை வி ஆக்கி, பின்னால் ர-வைச் செருகலாம். இரண்டும் சரி, இரண்டுக்கும் செலவு 2. நிரல் எதைக் கொடுக்கும் என்பது `if`-களை எந்த ஒழுங்கில் எழுதினோம் என்பதைப் பொறுத்தது. மேலே உள்ள நிரல் குறுக்கு வழியை முதலில் பார்ப்பதால் முதல் விடையைத் தரும். எனவே இரண்டு பேர் எழுதிய நிரல்கள் வெவ்வேறு திருத்தப் பட்டியல் தந்தால் உடனே ஒன்றைத் தவறு என்று சொல்லிவிடாதீர்கள். எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பைத்தானில் 3 வருவதற்குக் காரணம் வேறு. அட்டவணையில் ஒரு வரிசைக்கு ஓர் எழுத்து என்று நீங்கள் கையால் போட்டீர்கள். பைத்தானுக்கோ சரத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு யூனிகோட் குறியீடு. "ல்" என்பது அதற்கு ல, அதன்மேல் புள்ளி என இரண்டு. "வி" என்பது வ, இகரக் குறி என இரண்டு. எனவே `len("பல்")` 3, `len("விரல்")` 5. மூன்று உறுப்பை ஐந்தாக்க இரண்டு செருகலாவது வேண்டும். ப இலக்கில் எங்கும் இல்லை என்பதால் அதையும் மாற்றியாக வேண்டும். மொத்தம் 3. நிரல் தரும் பட்டியலைப் பார்த்தால் வ-வைச் செருகு, இகரக் குறியைச் செருகு, ப-வை ர ஆக்கு என்று இருக்கும். திரையில் புள்ளி வட்டத்தோடு ஒரு குறி தனியாக நின்றால், எழுத்துகளாகப் பிரிக்காமலே அட்டவணை போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். தகரம், கரகம் ஜோடியில் இந்தக் குழப்பம் வராததற்குக் காரணம், அங்கே புள்ளி வைத்த எழுத்து ம் மட்டும்தான், அதுவும் இரண்டு சொல்லிலும் கடைசியில் இருக்கிறது; எப்படிப் பிரித்தாலும் 2 தான் வரும்.

எழுத்தாகப் பிரிக்க `regex` என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டு இப்படிச் செய்யலாம் (பைத்தானோடு வரும் `re`-இல் `\X` கிடையாது):

```python
import regex, unicodedata

def letters(s):
    return regex.findall(r"\X", unicodedata.normalize("NFC", s))

a, b = letters("பல்"), letters("விரல்")
print(readback(a, b, table(a, b)))
```

`table`, `readback` இரண்டும் பட்டியலையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அவற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இப்போது பட்டியலில் இரண்டே திருத்தங்கள் வரும்.

`NFC` எதற்கு என்று கேட்கலாம். "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க-வோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு; அல்லது க-வோடு எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியாக. பார்வைக்கு இரண்டும் ஒன்று. `\X` இரண்டையுமே ஓர் எழுத்தாகத்தான் பிரித்துத் தரும், ஆனால் ஒப்பிடும்போது வேறு வேறு என்று சொல்லிவிடும். பட்டியலில் "மாற்று, கொ, கொ" என்று ஒரு வினோதமான வரி வந்தால் காரணம் இதுதான். `NFC` இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் ள என்ற எழுத்தும் தட்டப்பட்ட "கெள" போன்றவற்றை அது தொடாது. அங்கே ள உண்மையிலேயே தனி எழுத்துதான், அட்டவணையிலும் தனி வரிசையாகத்தான் நிற்கும். அதையும் "கௌ" என்றே எண்ண வேண்டுமானால், அட்டவணைக்குப் போகும் முன் நீங்களே திருத்திக்கொள்ள வேண்டும்.